14 திருத்தம் கேட்டார், 10 செய்தேன், 4 செய்யவில்லை. வாடிக்கையாளருக்கு நான் எழுதிய கடிதம் சரியா?

ஊவாக் கெமரா

எல்லோருக்கும் வணக்கம். பண்டாரவளைப் பக்கம் கல்யாணம், சடங்கு, தேர்த்திருவிழா என்று படம் எடுத்துப் பிழைப்பவன் நான். இரண்டு மூன்று வருடமாக ஹோம்ஸ்டே படங்களும் எடுக்கிறேன். போன மாதம் அப்புத்தளைக்கு மேலே மூன்று அறை உள்ள ஒரு வீட்டை எடுத்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நல்ல மனுஷி. இரண்டு நாளும் மத்தியானச் சாப்பாடு போடாமல் என்னை அனுப்பவில்லை.

38 படம் கொடுத்தேன். நான்கு நாளில் ஒரு பட்டியல் வந்தது. எந்தப் படத்தில் எந்தப் பொருளை அழிக்க வேண்டும், எதைப் புதிதாக வைக்க வேண்டும் என்று மொத்தம் 14 திருத்தம். பத்தைச் செய்தேன். நான்கைச் செய்ய மனம் வரவில்லை. தொலைபேசியில் சொன்னால் வாய் தடுமாறும் என்று கடிதமாக எழுதி அனுப்பினேன். மூன்று நாளாகப் பதில் இல்லை. நான் எழுதியது கடுமையாகப் போய்விட்டதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை மட்டும் எடுத்துவிட்டுக் கீழே போடுகிறேன்.

> மதிப்புக்குரிய டீச்சர்,
>
> பட்டியலை இரண்டு தரம் வாசித்தேன். பத்துத் திருத்தங்கள் முடிந்துவிட்டன. புல்லில் கிடந்த தண்ணீர்க் குழாய், கொடியில் காய்ந்த துணி, வாசலில் நின்ற பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டி, யன்னல் கண்ணாடியில் தெரிந்த என் முக்காலி, இப்படியானவை. நான் படம் எடுத்த நேரத்தில் அவை அங்கே இருந்தன, அவ்வளவுதான். விருந்தினர் வரும்போது இருக்கப்போவதில்லை. இரண்டாவது அறையின் மேல்தட்டில் இருந்த ஈரக்கறையையும் நீக்கியிருக்கிறேன். வெசாக்குக்கு முன்னர் பெயின்ட் அடிப்பதாகச் சொன்னீர்கள்.
>
> மிச்சம் நான்கை நான் செய்யவில்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.
>
> முதலாவது, விறாந்தைக் காட்சியில் நிற்கும் மின்கம்பமும் அதன் மூன்று கம்பிகளும். விருந்தினர் காலைத் தேத்தண்ணியோடு வந்து உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே அது நிற்கிறது. படத்தில் இல்லாத கம்பம் நேரில் இருந்தால், அவர் முதலில் பார்க்கப்போவது மலையை அல்ல, அந்தக் கம்பத்தைத்தான். உண்மையில் நான் அழித்தும் பார்த்தேன். பனிக்கு மேலே போகும் கம்பி சுலபமாகப் போய்விட்டது. தேயிலைக்கு மேலே வந்ததும் நிரைகள் கோணலாகிவிட்டன. கம்பத்தின் நிழல் புல்லில் குறுக்கே கிடக்கிறது, விறாந்தைக் கண்ணாடிக் கதவிலும் கம்பம் தெரிகிறது. இதற்குப் பதிலாக இன்னொரு படம் அனுப்புகிறேன். விறாந்தையின் இடது ஓரத்தில் இரண்டு படி இறங்கி நின்றால் கம்பம் நிழல் மரத்துக்குப் பின்னால் போய்விடும். விருந்தினரும் அங்கே போய் நிற்கலாம். அங்கே ஒரு வாங்கு போட்டுவிடுங்கள்.
>
> இரண்டாவது, வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டிய செம்மண் சரிவும் அதைத் தாங்கும் கல் சுவரும். "அந்த இடத்தைப் புல்லாக்குங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். இதை எந்த விலைக்கும் செய்ய மாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் வருகிறவர் வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் அறை எடுக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தை மண்சரிவில் நடந்தது நம் இருவருக்கும் தெரியும். அது இங்கிருந்து தூரமும் இல்லை. உங்கள் சுவர் நல்ல சுவர், வடிகால் குழாயோடு கட்டியிருக்கிறீர்கள். அதை மறைப்பதை விடக் காட்டுவதுதான் உங்களுக்கு மரியாதை.
>
> மூன்றாவது, கீழே தெரியும் லயக் கூரைகளும் அவற்றின் மேல் போட்டிருக்கும் நீலப் படங்கும். அந்த வீடுகள் அங்கே இருக்கின்றன, நாளைக்கும் இருக்கும். அவற்றை அழித்துத் தேயிலை ஆக்கினால் படம் அழகாகலாம். ஆனால் நான் பிறந்ததும் அப்படி ஒரு காம்பராவில்தான் என்பதால் கை வரவில்லை. காலை ஆறரைக்கு எடுத்த 17ஆம் இலக்கப் படத்தில் அந்தக் கூரைகளிலிருந்து அடுப்புப் புகை எழும்புகிறது. மொத்தத்தில் நல்ல படம் அதுதான் என்பது என் எண்ணம்.
>
> நான்காவது, வரவேற்பறைக் கணப்பில் நெருப்பு எரிவது போல வைப்பது. புகைக்கூண்டின் வாயைத் தகரம் போட்டு அடைத்திருப்பதாக நீங்களே சொன்னீர்கள். தை மாதக் குளிருக்குப் பிள்ளைகளோடு வருகிறவர் படத்தை நம்பி "நெருப்பு மூட்டுங்கள்" என்பார். சில பேர் கேட்காமலே மூட்டிவிடுவார்கள், அதுதான் எனக்குப் பயம். தகரத்தை எடுத்து, புகைக்கூண்டைச் சுத்தம் செய்து, ஒரு நாள் எரித்துப் பாருங்கள். அன்றைக்கு வந்து காசு வாங்காமல் எடுத்துத் தருகிறேன்.
>
> செய்யாத நான்கிற்கும் கூலி சேர்க்கவில்லை. வேறொருவரிடம் கொடுத்துச் செய்விப்பதாக இருந்தால், அந்தப் படங்களில் என் பெயரைப் போடாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

இவ்வளவுதான். சொல்லுங்கள்.

கிளிக் தம்பி

அண்ணே, கம்பி அழிப்பது இவ்வளவு கஷ்டமான வேலையா? ஸ்பொட் ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து ஒரு முனையில் ஒரு கிளிக், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மறுமுனையில் ஒரு கிளிக். கோடு போன இடம் தெரியாது. கம்பி தொய்ந்து வளைவாக இருந்தால் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துச் செய்யுங்கள். தேயிலையில் நிரை கோணலானால் பக்கத்து நிரையிலிருந்து குளோன் பண்ணலாம். கோப்பை அனுப்புங்கள், அரை மணித்தியாலத்தில் முடித்துத் தருகிறேன்.

ஊவாக் கெமரா

தம்பி, நன்றி. முடியாமல் விட்டதில்லை, வேண்டாம் என்று விட்டது. கேள்வி அதுதான்.

பழைய பிலிம்

கிளிக் தம்பி சொன்ன முறை சரிதான். வானத்திலும் பனியிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். தேயிலையில் ஏன் சரிவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தேயிலை நிரை நேர்கோடு இல்லை, மலையின் வளைவோடு சேர்ந்து வளைந்து போகும். மேல் நிரையிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கீழே ஒட்டினால் செடியின் அளவும் பொருந்தாது, வளைவும் பொருந்தாது. கொழுந்து எடுக்கிற வழி இரண்டு நிரைக்கு நடுவே கறுப்புக் கோடாகத் தெரியுமே, அது ஒட்டிய இடத்தில் சட்டென்று அறுந்து நிற்கும். கவ்வாத்து வெட்டிய மலையென்றால் இன்னும் மோசம், ஒவ்வொரு குச்சியும் தனித்தனியாகத் தெரியும்.

ஊவாக் கெமரா நிழலைப் பார்த்தது நல்ல கண். கம்பத்தை அழித்து நிழலை விட்ட படங்களை நான் அச்சுப் புத்தகங்களிலேயே பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அழித்து முடித்ததும் கேர்வ்ஸில் கோட்டை மேலும் கீழும் அலைபோல இழுத்துவிடுவேன். நிறமெல்லாம் பைத்தியம் பிடித்தது போல மாறும், அதில் ஒட்டுப் போட்ட இடம் தேமல் மாதிரித் தனியாகத் தெரியும். பிறகு படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பேன். பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போன பிழை அப்போதுதான் கண்ணில் படும்.

ஆனால் இது வேலையின் தரம் பற்றிய பேச்சு. எவ்வளவு சுத்தமாக அழித்தாலும் கம்பம் அந்த வீட்டு வாசலில் நிற்கத்தானே போகிறது.

நேர்கோடு

எனக்கு முழுக் கடிதமும் முரணாகத் தெரிகிறது. நான்கை மறுத்துவிட்டுப் பத்தைச் செய்தது எந்த நியாயம்? படத்தில் ஒரு பொருளை அழித்தால் அது பொய்தான். சின்னப் பொய், பெரிய பொய் என்று கிடையாது. 1982இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் கீசா பிரமிடுகளை அட்டைக்கு அடங்க வேண்டும் என்று பக்கத்தில் நகர்த்திப் போட்டு இன்று வரைக்கும் பேச்சு வாங்குகிறது. 2016இல் ஸ்டீவ் மக்கரியின் கியூபாப் படம் ஒன்று இத்தாலிக் கண்காட்சியில் தொங்கியபோது, ஒரு தூணின் துண்டு இடம் மாறி நிற்பதை ஒருவர் கண்டுபிடித்தார். அவ்வளவு பெரிய பெயருக்கே அந்தக் கதி. நாம் குழாயைத் தொட்டாலும் குற்றம்தான்.

பழைய பிலிம்

நேர்கோடு, நீங்கள் சொன்ன இரண்டும் நடந்தவைதான். ஆனால் அவை பத்திரிகைக் கணக்கு. செய்திப் படம் "அந்த நிமிடத்தில் இது நடந்தது" என்று சொல்கிறது. அதனால் அந்த நிமிடத்தில் இருந்த எதையும் தொடக்கூடாது. அங்கே குழாயும் சாட்சிதான். ஹோம்ஸ்டேப் படம் சொல்வது வேறு. "நீங்கள் வந்தால் இதுதான் கிடைக்கும்" என்று அது சொல்கிறது. கொடியில் காய்ந்த துணியை அழித்தால் அந்தப் பேச்சு பொய்யாகாது. சுவரை அழித்தால் பொய்யாகும். படம் என்ன வாக்குக் கொடுக்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டால் கிளிக் தம்பியும் ஊவாக் கெமராவும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள்.

மக்கரி விஷயத்திலும் சண்டை அங்கேதான் இருந்தது. நான் செய்திப் படக்காரன் அல்ல, படத்தில் கதை சொல்கிறவன் என்று அவர் சொன்னார். பார்த்தவர்கள் அத்தனை வருடமும் அவரைச் செய்திப் படக்காரர் என்றே நம்பியிருந்தார்கள்.

நேர்கோடு

வாக்கு என்றால் யார் கேட்டு யார் கொடுத்தது? கோடு ஒரு இடத்தில் இருந்தால்தான் கோடு. நான் மாறப்போவதில்லை. ஆனால் நிழல் பற்றிச் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன்.

ஹட்டன் ஆல்பம்

எனக்கு வந்த ஒரு கேஸையும் சொல்கிறேன், இது போன வருடம். பெண் வீட்டார் குடும்பப் படத்தில் ஒரு மாமாவை எடுத்துவிடச் சொன்னார்கள். கல்யாணத்துக்கும் ஆல்பத்துக்கும் இடையில் காணிச் சண்டை வந்துவிட்டது. நான் மாட்டேன் என்றேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவர் கை பெண்ணின் தோளில் இருந்தது. ஆளை எடுத்தால் கை மட்டும் நிற்கும். அதே வீட்டில் செத்துப்போன அப்பாவைப் படத்தில் வைக்கச் சொன்னார்கள். அதைச் செய்து கொடுத்தேன். அம்மா அழுதுவிட்டார். ஒன்றைச் செய்து மற்றதை விட்டது சரியா என்று இன்னும் எனக்கே தெரியாது.

ஊவாக் கெமரா

அப்பாவை வைத்தது அந்த வீட்டாருக்கு மட்டும்தானே அண்ணே. பார்க்கிற எல்லோருக்கும் அவர் இல்லை என்று தெரியும். அதில் ஏமாறுகிறவர் யாருமில்லை. மாமா விஷயம் எனக்கும் பிடிபடவில்லை.

எல்ல வீட்டுக்காரி

இங்கே எல்லோரும் படக்காரர்கள். நான் படத்துக்குக் காசு கொடுக்கிற பக்கத்து ஆள். கொஞ்சம் என் பக்கமும் கேளுங்கள்.

டீச்சர் கேட்டது தப்பென்று எனக்கும் தெரியும். ஆனால் ஏன் கேட்டார் என்று யாரும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கம் ஒரே தெருவில் வரிசையாக வீடுகள். அடுத்த வீட்டுப் படத்தில் கம்பியும் இல்லை, தண்ணீர்த் தாங்கியும் இல்லை, ஆகாயம் மட்டும் அப்படி ஒரு நீலம். என் படம் உண்மையாக இருந்து அறை காலியாகக் கிடந்தால் யார் வந்து லோன் கட்டுவது?

அதனால் நானும் ஒரு தரம் செய்தேன். பக்கத்து வீட்டில் எழும்பிய கொங்கிரீட் தூண்களை அழித்த படம் போட்டேன். ஒரு தம்பதி இரண்டு இரவுக்கு வந்தார்கள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை, பல்கனிக்குப் போனார்கள், போனில் என் படத்தைத் திறந்து தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு புக்கிங் தளத்துக்கு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு இரவுக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அது போனால் போகட்டும். "படத்தை நம்பாதீர்கள்" என்று அவர்கள் எழுதிய ஒரு வரி எட்டு மாதம் என் பக்கத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தது.

தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடிதம் நன்றாக இருக்கிறது, ஆனால் பிந்தி வந்த கடிதம். இதையெல்லாம் படம் எடுக்கிறதுக்கு முதல் சொல்லியிருக்க வேண்டும். டீச்சர் காசு கொடுத்து, சாப்பாடும் போட்டு, பட்டியலும் எழுதின பிறகு "மாட்டேன்" என்றால் யாருக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும்.

ஊவாக் கெமரா

அக்கா, அது சரி. முற்பணம் வாங்கும்போது கொடுக்கிற தாளில் இனிமேல் இரண்டு வரி சேர்க்கிறேன். "வந்து போகும் பொருளை அழித்துத் தருவேன். இடத்தை விட்டுப் போகாத பொருளை அழிக்கவும் மாட்டேன், இல்லாததை வைக்கவும் மாட்டேன்." இப்படி எழுதினால் விளங்குமா?

பதுளைப் பேனா

விளங்கும். சட்டத்தையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், 30ஆம் பிரிவு. வியாபாரம் செய்கிறவர் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் விதமாக நடக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. அதனால் இந்தப் படத்துக்குப் படக்காரர்தான் உள்ளே போவார், டீச்சர் அல்ல.

பழைய பிலிம்

பிரிவு சரி, முடிவு பிழை. அந்தப் பிரிவு பேசுவது வியாபாரியைப் பற்றி. அறையை விற்கிறவர் டீச்சர்தான், முதலில் கேட்கப்படுவதும் அவர்தான். படக்காரனுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். நான் சட்டத்தைக் கடிதத்தில் போட மாட்டேன். சாப்பாடு போட்டவருக்குப் பிரிவு இலக்கம் எழுதி அனுப்புவது அழகில்லை.

ஊவாக் கெமராவிடம் எனக்கு இரண்டு கேள்வி. முதலாவது அந்த ஈரக்கறை. அது எந்தக் கணக்கில் "வந்து போகும் பொருள்" ஆனது? இரண்டாவது, அறைகளை எந்த லென்ஸில் எடுத்தீர்கள்?

ஊவாக் கெமரா

லென்ஸ் 16. அறைகள் சின்னவை, பத்தடிக்குப் பதினொன்று. மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றால்கூட 24இல் கட்டில் முழுதாக வரவில்லை.

கறை... அவர் பெயின்ட் அடிப்பதாகச் சொன்னார்.

பழைய பிலிம்

அதைத்தான் எதிர்பார்த்தேன். கோபிக்கக்கூடாது. 16இல் பத்தடி அறை மண்டபம் ஆகிவிடும். கெமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற கட்டில் கால்மாடு நீண்டுவிடும், எதிர்ச் சுவர் அடுத்த ஊருக்குப் போய்விடும். கம்பத்தை அழிக்காத நீங்கள் அறையை இரண்டு மடங்காக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். பெட்டியோடு உள்ளே வருகிற ஆளுக்கு முதல் அடியிலேயே தெரிவது அதுதான். கம்பத்தைப் பார்க்க அவர் விறாந்தை வரைக்கும் போக வேண்டும்.

நான் நுவரெலியாவில் ஹோட்டல் அறைகள் எடுத்த காலத்திலிருந்து 20க்குக் கீழே போனதில்லை, முடிந்த மட்டும் 24. கட்டில் முழுதாக வராவிட்டால் வராமல் போகட்டும். கதவுக்கு வெளியே நின்று, கதவு நிலையையும் சேர்த்து எடுங்கள். நிலை தெரிந்தால் பார்க்கிறவருக்கு அறையின் அளவு தானாகப் பிடிபடும். கெமராவை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள். தலைக்கு மேல் தூக்கிக் கீழ்நோக்கி எடுத்தால் தரை விரிந்து தெரியும், அதுவும் அதே வேலைதான்.

கறைக்கு வருகிறேன். பெயின்ட் அடிப்பார் என்றால் அடித்த பிறகு போய் அந்த ஒரு படத்தை எடுங்கள். மேல்தட்டில் ஈரம் வருகிறது என்றால் மேலே தகரம் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கை அடைக்காமல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குக் கறை திரும்ப வரும். அப்போது நீங்கள் நீக்கியது எது?

ஊவாக் கெமரா

அண்ணே, இது எனக்குப் படவே இல்லை. நான்கு திருத்தத்தை மறுத்த நல்லவன் என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே வந்தேன். கறைப் படத்தை இன்றைக்கே திருப்பிக் கேட்கிறேன். அறைகளை மறுபடி எடுக்க ஒரு காலை நேரம் போதும்.

நேர்கோடு

இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்.

பழைய பிலிம்

இல்லை, நீங்கள் குழாயைச் சொன்னீர்கள்.

கிளிக் தம்பி

ஒரு சந்தேகம். இடது ஓரத்தில் இரண்டு படி இறங்கி நின்று கம்பத்தை மரத்துக்குப் பின்னால் மறைத்தால் சரி. போட்டோஷொப்பில் மறைத்தால் பிழை. இரண்டிலும் கம்பம் தெரியவில்லைதானே? என்ன வித்தியாசம்?

ஊவாக் கெமரா

விருந்தினர் போய் அந்த இடத்தில் நின்றால் நான் பார்த்ததையே பார்ப்பார். அதுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஒரு படத்தை மட்டும் போட்டு, விறாந்தையிலிருந்து எடுத்ததைப் போடாமல் விட்டால் நீ சொல்வதும் சரியாகிவிடும். இரண்டையும் போடச் சொல்லியிருக்க வேண்டும். கடிதத்தில் அதைச் சொல்லவில்லை.

எல்ல வீட்டுக்காரி

இரண்டையும் போட்டால் கம்பம் உள்ளதை முதலாவதாகப் போடச் சொல்லாதீர்கள், அவ்வளவு அரிச்சந்திரனாக யாரும் வியாபாரம் செய்ய முடியாது. ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ போடலாம். வருகிறவர் பார்த்திருப்பார்.

சுவர் விஷயத்தில் மட்டும் தம்பி சொன்னதில் எனக்கு மறுபேச்சே இல்லை. மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வர வர இப்போது விருந்தினர்களும் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "உங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவு இருக்கிறதா?" என்று புக் பண்ண முதல் கேட்கிறார்கள். இல்லை என்று படம் சொல்லி, வந்து பார்க்கும்போது இருந்தால், அந்த இரவு அவர்களுக்கும் தூக்கமில்லை, எனக்கும் தூக்கமில்லை.

கொழுந்துக்கூடை

மூன்றாவது திருத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன், ஏனென்றால் அப்படி ஒரு கூரைக்குக் கீழேதான் என் அம்மா இப்போதும் இருக்கிறார்.

அழிக்காமல் விட்டதற்கு நன்றி. ஆனால் கடிதத்தில் அந்த இடம் எனக்கு உறுத்துகிறது. "அடுப்புப் புகை எழும்புகிறது, நல்ல படம்." காலை ஆறரைக்குப் புகை ஏன் எழும்புகிறது என்று உங்களுக்கே தெரியும். ஏழு, ஏழரைக்குப் பெரட்டுக்குப் போக வேண்டும், அதற்கு முதல் ரொட்டி சுட வேண்டும். நீலப் படங்கு போட்டிருப்பது தகரம் ஓட்டையாகிவிட்டதால். அந்த ஓட்டையை அடைக்க யாரும் வரவில்லை. அதைக் காட்சியாக்கி ஹோம்ஸ்டேயில் அறை விற்பதும், அழித்து அறை விற்பதும் அங்கே இருக்கிறவர்களுக்கு ஒன்றுதான். வீட்டு வாசலில் நிற்கிற ஆட்களின் முகம் அந்தப் படத்தில் தெரிகிறதா? கேட்டுவிட்டு எடுத்தீர்களா?

ஊவாக் கெமரா

முகம் தெரியாது, தூரம் அதிகம். கூரையும் புகையும் வாசலில் இரண்டு உருவமும்தான் தெரியும். கேட்கவில்லை. மேலேயிருந்து எடுத்ததால் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

கொழுந்துக்கூடை

மேலேயிருந்து எடுத்தால் தோன்றாதுதான்.

ஹட்டன் ஆல்பம்

அக்கா, அப்படிப் பார்த்தால் மலைநாட்டில் ஒரு படமும் எடுக்க முடியாதே. எங்கே திருப்பினாலும் லயம் இருக்கிறது. உண்மையைக் காட்டு என்றும் சொல்கிறோம், காட்டாதே என்றும் சொல்கிறோம்.

கொழுந்துக்கூடை

காட்டாதே என்று நான் எங்கே சொன்னேன்? கேட்டீர்களா என்றுதான் கேட்டேன். நடந்து போனால் கால் மணித்தியாலம்.

பழைய பிலிம்

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நாற்பது வருடத்தில் நான் எடுத்த லயப் படங்களில் கேட்டு எடுத்தவை கை விரலுக்குள் அடங்கும்.

ஊவாக் கெமரா

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். டீச்சர் நேற்று அழைத்தார்.

கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார், அதனால்தான் தாமதம். கம்பத்துக்குச் சரி என்றுவிட்டார், வாங்கும் போட்டாகிவிட்டதாம். சுவர் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்தச் சுவருக்கு ஓய்வூதியப் பணத்தில் பாதி போனதென்றும், பார்க்கும்போதெல்லாம் காசுதான் ஞாபகம் வருவதால் அழிக்கச் சொன்னதாகவும் சொன்னார். வடிகால் குழாய் தெரிகிற மாதிரித் தனியாக ஒரு படம் கேட்டார். கணப்பு விஷயத்தில் மட்டும் கோபம் ஆறவில்லை. "தேவையில்லாத பயம் காட்டுகிறாய்" என்றார். புகைக்கூண்டைத் திறக்க ஆள் தேடுவதாகவும் அதே மூச்சில் சொன்னார்.

கறையையும் லென்ஸையும் நானே ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போய் மூன்று அறையையும் கதவு நிலைக்கு வெளியே நின்று எடுக்கப்போகிறேன். கீழே லயத்துக்கும் இறங்கிப் போய் 17ஆம் படத்தைக் காட்டிக் கேட்பதாக இருக்கிறேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவேன்.

ஆனால் அந்தப் படத்தில் வேறு ஒரு கூத்து நடந்திருக்கிறது. என் பதிலுக்குக் காத்திருக்காமல் டீச்சரின் உறவுக்காரப் பையன் ஒருவன் லயத்தை அழித்துக் கொடுத்து, அது போன கிழமையே பக்கத்தில் ஏறிவிட்டது. என் பெயர் இல்லை, அந்த மட்டுக்கும் சரி. போய்ப் பார்த்தேன். சுத்தமான வேலைதான். கூரை இல்லை, படங்கு இல்லை, நிரைகள்கூட ஓரளவுக்கு ஓடுகின்றன.

பழைய பிலிம்

புகை?

ஊவாக் கெமரா

அப்படியே இருக்கிறது அண்ணே. தேயிலைக்கு நடுவிலிருந்து நாலு இடத்தில் எழும்புகிறது.